தையல் பொருந்துகிறது, தரை அலைகிறது: ட்ரோன் லைடாரில் ஒரு ரோல் பிழையின் கணக்கு

ட்ரோனில் லைடாரைக் கட்டி ஒரு சமவெளியை அளந்தாயிற்று. ஒவ்வொரு பறப்புக் கோட்டிலும் ஒரு பட்டை நிலம் அளக்கப்பட்டது, மென்பொருள் எல்லாப் பட்டைகளையும் ஒட்டிக் கொடுத்துவிட்டது. பட்டையும் பட்டையும் சந்திக்கும் இடத்தில் வெட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரு சென்டிமீட்டர்கூட விலகாமல் படிந்திருக்கின்றன. ஆனால் தரையின் உயரத்தைப் பத்து மடங்கு பெருக்கி, சாய்வொளியில் நிழல் விழும்படி காட்டச் சொன்னால், தகரக் கூரை போல மேடும் பள்ளமுமாக ஒரு அலை தெரிகிறது. ஒவ்வொரு மேடும் சரியாக 112 மீட்டர் இடைவெளியில். நிலம் அப்படிக் கணக்குப் போட்டு அலையாது. அலைவது சென்சாரின் கோணம்.

இந்த ஒரு பிழையை மட்டும் எடுத்து, அது எங்கிருந்து வருகிறது, அடுத்தடுத்த பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் ஓவர்லாப்பில் அது ஏன் ஒளிந்துகொள்கிறது, எப்படி அளப்பது, திருத்திய பிறகும் எது மிஞ்சும் என்று பார்ப்போம். ரோல் என்பது பக்கவாட்டுச் சாய்வு, பிட்ச் முன்பின் சாய்வு, ஹெடிங் முகம் திரும்பியிருக்கும் திசை. ரோலைப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டும் பின்னாலேயே வந்துவிடும்.

ஒரு புள்ளி எப்படிப் பிறக்கிறது

லேசர் ஸ்கேனருக்குத் தெரிந்தது இரண்டுதான்: ஒளி எந்தக் கோணத்தில் போனது, எவ்வளவு தூரம் போய்த் திரும்பியது. ட்ரோன் எங்கே இருந்தது என்பதை ஜிஎன்எஸ்எஸ் ஆன்டெனா சொல்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதை ஐஎம்யூ சொல்கிறது. மூன்றையும் சேர்த்தால்தான் தரையில் ஒரு புள்ளி கிடைக்கும்.

```
P = T(t) + R_imu(t) · ( R_bore · s + a )
```

இதில் `s` ஸ்கேனர் தன் கண்ணால் கண்ட புள்ளி. `a` லீவர் ஆர்ம், அதாவது ஐஎம்யூவிலிருந்து ஸ்கேனரின் மையம் எத்தனை சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்ற அளவு. `T` ஐஎம்யூ இருந்த இடம், `R_imu` அதன் சாய்வு. நாம் பேசப்போவது `R_bore` பற்றி. ஸ்கேனரையும் ஐஎம்யூவையும் ஒரே பெட்டியில் திருகி வைத்தாலும் இரண்டின் அச்சுகளும் முற்றிலும் இணையாக அமைவதில்லை. அந்தச் சிறு கோண வித்தியாசத்துக்குத்தான் போர்சைட் என்று பெயர். ரோல், பிட்ச், ஹெடிங் என மூன்று கோணங்கள்.

லீவர் ஆர்மை அளவுகோலாலோ வடிவமைப்புப் படத்திலிருந்தோ மில்லிமீட்டர் கணக்கில் எடுத்துவிடலாம். போர்சைட்டை அப்படி அளக்க முடியாது. பறந்து, பட்டைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தவிர, லீவர் ஆர்மில் 2 செ.மீ. தவறினால் தரையிலும் 2 செ.மீ.தான் தவறும், எவ்வளவு உயரத்தில் பறந்தாலும். கோணப் பிழையோ தூரத்தோடு வளரும். 0.1 பாகை பிழைத்தால் 80 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் 14 செ.மீ. விலகும்.

ரோல் பிழை செய்யும் வேலை

ஒரு பறப்பை எடுத்துக்கொள்வோம். உயரம் `H` 80 மீட்டர். ஸ்கேனரின் பார்வையை நேர்கீழிலிருந்து இருபுறமும் 35 பாகைக்குள் மட்டும் வைத்துக்கொள்கிறோம். அப்படியானால் ஒவ்வொரு பக்கமும் 56 மீட்டர், மொத்தப் பட்டை அகலம் 112 மீட்டர். பறப்புக் கோடுகளுக்கு இடையே 56 மீட்டர் விட்டால் 50 சதவீத ஓவர்லாப். அதாவது அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட நிலம் முழுவதையும் இரண்டு பட்டைகளும் பார்த்திருக்கின்றன. வழக்கம்போல ட்ரோன் ஒரு கோட்டில் வடக்கே போய் அடுத்ததில் தெற்கே திரும்பி வருகிறது.

இப்போது ரோல் போர்சைட்டில் `ω` அளவு பிழை இருக்கிறது என்று வையுங்கள். ஸ்கேனர் தான் நேராக இருப்பதாக நினைத்துக்கொண்டு சற்றே சாய்ந்து பார்க்கிறது. விளைவு, சமதரை ஒரு பக்கமாகச் சரிந்த பலகைபோல வரும். ட்ரோனுக்கு நேர்கீழே உயரம் சரி. வலப்பக்கம் போகப் போகத் தரை உயரும், இடப்பக்கம் தாழும். நேர்கீழிலிருந்து `d` தூரத்தில் உயரப் பிழை `d·ω`.

அடுத்த கோட்டில் ட்ரோன் திரும்பி வருகிறது. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள நிலம் முதல் கோட்டுக்கும் வலப்பக்கம், இரண்டாம் கோட்டுக்கும் வலப்பக்கம். ஆகவே இரண்டு பட்டைகளிலும் அந்த நிலம் உயர்ந்தே வரும். கோட்டு இடைவெளி `D` என்றால்:

```
முதல் பட்டையின் பிழை    =  d·ω
இரண்டாம் பட்டையின் பிழை =  (D − d)·ω
இரண்டுக்கும் வித்தியாசம்   =  (2d − D)·ω
```

சரியாக நடுவில், `d = D/2` என்ற இடத்தில், வித்தியாசம் பூஜ்யம். ஆனால் பிழை பூஜ்யமில்லை. இரண்டு பட்டைகளும் ஒரே அளவு பொய் சொல்கின்றன, அதனால் ஒத்துப்போகின்றன. பெரும்பாலான மென்பொருள்கள் ஓவர்லாப்பைக் கத்தரிக்கும்போது தையலை எங்கே போடுகின்றன? சரியாக அந்த நடுவில்தான். பட்டையின் ஓரப் புள்ளிகள் தரம் குறைந்தவை, அவற்றை எறிந்துவிடலாம் என்பது அதன் நியாயம். நியாயம் சரிதான். ஆனால் ரோல் பிழைக்கான சாட்சியும் அந்த ஓரப் புள்ளிகளோடு குப்பைக்குப் போய்விடுகிறது.

அடுத்த இடைவெளியில், அதாவது இரண்டாம் மூன்றாம் கோடுகளுக்கு நடுவில், நிலம் இரண்டுக்கும் இடப்பக்கம். அங்கே இரண்டும் சேர்ந்து தாழும். ஒரு தையலில் மேடு, அடுத்த தையலில் பள்ளம். மேட்டுக்கும் மேட்டுக்கும் இடையே இரண்டு கோட்டு இடைவெளி, 112 மீட்டர். தொடக்கத்தில் பார்த்த தகரக் கூரை இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், எல்லாக் கோடுகளையும் ஒரே திசையில் பறந்திருந்தால் பிழை உடனே முகத்தில் அறையும். அப்போது இடைப்பட்ட நிலம் ஒரு கோட்டுக்கு வலம், மற்றதற்கு இடம். ஒன்று உயரும், ஒன்று தாழும். வித்தியாசம் ஓவர்லாப் முழுக்க மாறாமல் `D·ω` என்றே இருக்கும், தையலில் ஒரு படி விழும். அந்தப் படியைப் பார்த்து ஜிஎன்எஸ்எஸ் உயரம் தாவிவிட்டது என்று முடிவுகட்டி, ஒவ்வொரு பட்டையையும் மேலும் கீழும் நகர்த்தி ஒட்டவைப்பவர்கள் உண்டு. அப்படி நகர்த்தினால் படி மறையும். கூடவே முழு நிலமும் ஒரு பக்கமாகச் சாய்ந்த ஒரே பலகையாகிவிடும்.

அளந்து பார்ப்போம்

கத்தரிக்கப்படாத புள்ளித்திரள் வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் எந்தக் கோட்டிலிருந்து வந்தது என்பது LAS கோப்பின் Point Source ID புலத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் எல்லாப் புள்ளிகளும் ஒரே எண்ணோடு வந்தால், ஏற்றுமதி செய்தவரிடம் திருப்பிக் கேளுங்கள். பறப்பின் திருப்பங்களில் எடுத்த புள்ளிகளையும் முதலிலேயே வெட்டி எறிந்துவிட வேண்டும். அங்கே ட்ரோன் சாய்ந்து திரும்புவதால் அவை கணக்கைக் குழப்பும்.

முதலில் ஒரு மேலோட்டமான படம்:

```
lasoverlap -i strips.laz -keep_class 2 -step 1 -min_diff 0.02 -max_diff 0.10 -o overlap.png
```

ஒரு மீட்டர் கட்டம் கட்டமாகப் பட்டைகளுக்கு இடையே உள்ள உயர வித்தியாசம் வண்ணமாக வரும். 2 செ.மீ.க்குள் இருந்தால் வெள்ளை, 10 செ.மீ.யைத் தாண்டினால் முழு நிறம். ரோல் பிழை இருந்தால் ஒவ்வொரு ஓவர்லாப் பகுதியிலும் ஒரு பக்கம் சிவப்பு, நடுவில் வெள்ளை, மறுபக்கம் நீலம் என்று படிப்படியாக மாறும். பறப்புத் திசையில் எவ்வளவு தூரம் போனாலும் அந்த ஒழுங்கு மாறாது. பிழை போர்சைட்டில்தான் என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

பிறகு குறுக்குவெட்டு. பறப்புக் கோடுகளுக்குச் செங்குத்தாக ஓடும் ஒரு தார்ச்சாலையோ கான்கிரீட் தளமோ கிடைத்தால் நல்லது. புல்தரை வேண்டாம், புல்லின் உயரமே நாம் தேடும் சென்டிமீட்டர்களை விழுங்கிவிடும். 20 செ.மீ. தடிமனில் ஒரு துண்டு வெட்டி, கோட்டு எண்ணுக்கு ஒரு நிறம் கொடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு நிறங்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு படுத்த எக்ஸ் எழுத்துபோலத் தெரியும்.

நம் எடுத்துக்காட்டில் முதல் கோட்டிலிருந்து இரண்டாம் கோடு வரை ஐந்து இடங்களில் வித்தியாசத்தை எடுத்ததாகக் கொள்வோம்: முதல் கோட்டுக்கு நேர்கீழே −5.8 செ.மீ., 14 மீட்டரில் −3.0, 28 மீட்டரில் +0.2, 42 மீட்டரில் +2.8, இரண்டாம் கோட்டின் கீழே +5.9. 56 மீட்டரில் மொத்தம் 11.7 செ.மீ. ஏறியிருக்கிறது. மேலே உள்ள வாய்பாட்டின்படி இந்த ஏற்றத்தின் சரிவு `2ω`.

```
2ω = 0.117 / 56 = 0.00209
ω  = 0.00104 ரேடியன் ≈ 0.06°
```

0.06 பாகை. ஒரு திருகை இறுக்கும்போது வருகிற அளவு. ஆனால் தையலில் அது 2.9 செ.மீ. மேடாகவும், அடுத்த தையலில் 2.9 செ.மீ. பள்ளமாகவும் வரும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு 56 மீட்டரில் 5.9 செ.மீ. இறக்கம், அதாவது ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவு. கவனித்தால் அந்தப் பொய்ச்சரிவு `ω`வேதான். ஆகவே பார்வைக் கோணத்தைக் குறைத்தாலும், தாழப் பறந்தாலும் சரிவு குறையாது, அலையின் நீளமும் உயரமும் மட்டும்தான் சுருங்கும். பெரிய பரப்பில் கொள்ளளவு கணக்கிட்டால் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று கழித்துவிடும், யாருக்கும் தெரியாது. ஆனால் தட்டையான நிலத்தில் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்க இந்தப் படத்தை எடுத்துக்கொண்டால் வாய்க்கால் எதிர்த்திசையில் ஓடும்.

இதே பிழை தரக் கட்டுப்பாட்டைத் தாண்டிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் லைடார் விதிமுறையில் க்யூஎல்2 தரத்துக்கு, பட்டைகளுக்கு இடையிலான உயர வித்தியாசத்தின் ஆர்எம்எஸ் 8 செ.மீ.க்குள் இருந்தால் போதும். நம் ஓவர்லாப்பில் அது சுமார் 3.4 செ.மீ.தான். எண்ணை மட்டும் பார்த்தால் தேர்ச்சி. வித்தியாசம் எவ்வளவு என்பதைவிட அது எந்த வடிவத்தில் பரவியிருக்கிறது என்பதுதான் செய்தி.

கணக்கு சரியா என்று இன்னொரு வழியில் சோதிக்கலாம். ரோல் பிழை உயரத்தை மட்டும் அல்ல, இடத்தையும் பக்கவாட்டில் `H·ω` தள்ளும். 80 மீட்டரில் அது 8.4 செ.மீ. எதிரெதிர்த் திசைப் பட்டைகளுக்கு இடையே இரு மடங்கு, சுமார் 16.7. பறப்புத் திசைக்கு இணையாக முகடு ஓடும் ஓட்டுக் கூரை ஒன்றை வெட்டிப் பாருங்கள். முகடு இரண்டாகப் பிரிந்து, இடைவெளி அந்த அளவுக்கு அருகில் இருக்க வேண்டும். முகடு பிரிந்திருந்தும் தரையில் எக்ஸ் இல்லையென்றால் குற்றவாளி ரோல் இல்லை, லீவர் ஆர்மின் பக்கவாட்டு அளவு.

பிட்ச், ஹெடிங்

ரோலைத் திருத்திப் புள்ளித்திரளைத் திரும்பக் கணக்கிட்ட பிறகுதான் இவற்றைத் தொட வேண்டும். பிட்ச் பிழை எல்லாப் புள்ளிகளையும் பறப்புத் திசையில் `H·φ` முன்னே அல்லது பின்னே தள்ளும். சமதரையில் இது கண்ணுக்கே தெரியாது, தட்டையான தரையை முன்னே நகர்த்தினாலும் தட்டைதான். பறப்புக்குக் குறுக்கே முகடு ஓடும் கூரைகள், கரைகள், சரிவான சுவர்கள் வேண்டும். ஒரே கோட்டில் போய், அதே கோட்டில் திரும்பி வந்த இரண்டு பட்டைகளை ஒப்பிட்டால் விலகல் `2·H·φ`. கூரை முகடு 5.6 செ.மீ. பிரிந்தால் `φ` 0.02 பாகை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. லீவர் ஆர்மின் முன்பின் அளவு 2.8 செ.மீ. தவறியிருந்தாலும் அதே 5.6 செ.மீ. பிரிவு வரும். நேரப் பிழையும் அப்படித்தான், கடிகாரம் பிந்தினால் புள்ளிகள் பறப்புத் திசையில் நகரும். ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் பறந்த தரவிலிருந்து இந்த மூன்றையும் பிரிக்க வழியே இல்லை. அதே கோட்டை 40 மீட்டர் உயரத்தில் இன்னொரு முறை பறந்தால், போர்சைட் என்றால் பிரிவு பாதியாகும், லீவர் ஆர்ம் என்றால் மாறாது. வேகத்தை இரட்டித்துப் பறந்தால் நேரப் பிழை மட்டும் இரட்டிக்கும். இதனால்தான் போர்சைட் பறப்பை வேலைப் பறப்பிலிருந்து தனியாக, இரண்டு உயரங்களில், கூரைகள் உள்ள இடத்தில் செய்ய வேண்டும் என்பது. பத்து நிமிடப் பறப்பு அது.

ஹெடிங் பிழை பட்டையை நேர்கீழ்க் கோட்டைச் சுற்றித் திருகும். நேர்கீழே விலகல் இல்லை, ஓரத்தில் பறப்புத் திசையில் `d·κ`. ஒரே கோட்டில் போய் வந்த பட்டைகளில் இது தெரியாது, இரண்டும் ஒரே பக்கமாகத்தான் நகரும். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளில்தான் பிடிபடும், விலகல் `D·κ`. கோடுகள் எதிரெதிர்த் திசையில் ஓடியிருந்தால் பிட்ச்சின் `2·H·φ` இதோடு சேர்ந்துகொள்ளும், அதனால்தான் பிட்ச் முதலில். 56 மீட்டர் இடைவெளியில் முகடு 3.9 செ.மீ. விலகினால் `κ` 0.04 பாகை.

அந்த 0.04ஐ நம்பலாமா என்பது வேறு கேள்வி. ட்ரோன்களில் பரவலாக இருக்கும் அப்ளானிக்ஸ் ஏபிஎக்ஸ்-15 போன்ற கருவியில், பறந்த பின் செய்யும் கணக்கீட்டுக்குப் பிறகும் ரோல், பிட்ச் துல்லியம் 0.025 பாகை, ஹெடிங் துல்லியம் 0.08 பாகை. நாம் கண்ட ஹெடிங் திருத்தம் கருவியின் சொந்தத் தடுமாற்றத்தில் பாதி. ஒரே ஒரு ஜோடிக் கோட்டிலிருந்து அதை எடுத்து நிரந்தரத் திருத்தமாகப் பதிவதில் அர்த்தமில்லை. ஆறு எட்டு ஜோடிகளில் எடுத்து, எல்லாம் ஒரே குறியில், ஏறக்குறைய ஒரே அளவில் வந்தால் சராசரியை வைத்துக்கொள்ளலாம். குறி மாறி மாறி வந்தால் விட்டுவிடுவதே மேல்.

ஓவர்லாப் எவ்வளவு வேண்டும்

50 சதவீதம் என்று திட்டத்தில் போட்டால் 50 சதவீதம் கிடைத்துவிடாது. பட்டை அகலம் சென்சாருக்கும் தரைக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது, புறப்பட்ட இடத்திலிருந்து அளந்த உயரத்தை அல்ல. மேலே சொன்ன திட்டத்தில் தரை 20 மீட்டர் உயர்ந்தால் மிஞ்சும் உயரம் 60 மீட்டர், பட்டை அகலம் 84, ஓவர்லாப் 33 சதவீதம். 40 மீட்டர் மேடு வந்தால் பட்டை அகலம் 56, ஓவர்லாப் பூஜ்யம். அதற்கு மேல் ஒரு மீட்டர் உயர்ந்தாலும் இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஒரு வெற்றுக் கீற்று விழும், அதுவும் சரியாக மலை முகட்டில். காற்றுக்கு எதிராக ட்ரோன் 3 பாகை சாய்ந்து பறந்தாலே ஒரு ஓரத்தில் 6 மீட்டர் போய்விடும்.

தரையைத் தொடர்ந்து ஏறி இறங்கிப் பறக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் உச்சியின் உயரத்தை வைத்துக் கோட்டு இடைவெளியைக் கணக்கிட வேண்டும். வெறும் இடைவெளி விழாமல் இருக்க 20, 30 சதவீதம் போதும். அதற்கு மேல் நாம் வாங்கும் ஒவ்வொரு சதவீதமும் மேலே பார்த்த வகைச் சோதனைக்கான சாட்சி.

கூடவே ஒரு குறுக்குக் கோடு. எல்லாக் கோடுகளையும் செங்குத்தாக வெட்டிப் பறக்கும் ஒரே ஒரு கோடு, இரண்டு நிமிட வேலை. அதன் பயன் எளிதில் புலப்படாது, ஆனால் அழகானது. குறுக்குக் கோட்டின் நேர்கீழே உள்ள ஒன்றிரண்டு மீட்டர் அகலக் கீற்றில் ரோல் பிழை உயரத்தைத் தொடாது. சமதரையில் பிட்ச் பிழையும் ஹெடிங் பிழையும் தொடாது. ஆகவே அந்தக் கீற்று, போர்சைட் பிழையில்லாத ஓர் உயரக் கோடு. மற்றப் பட்டைகளை அதன்மேல் வைத்துப் பார்த்தால் தையலில் ஒளிந்திருந்த அலை முழுசாக வெளியே வந்துவிடும், மேடு 2.9, பள்ளம் 2.9 என்று.

போர்சைட் அல்லாதவை

போர்சைட் கோணம் ஒரு பறப்பு முழுவதும் மாறாது. எனவே ஒரே ஓவர்லாப்பில் கோட்டின் தொடக்கத்தில் 1 செ.மீ. வித்தியாசமும் முடிவில் 7 செ.மீ.யும் இருந்தால் அது போர்சைட் இல்லை, பறப்புப் பாதையின் கணக்கு நகர்ந்திருக்கிறது. நீளமான நேர்கோட்டில் சீரான வேகத்தில் பறக்கும்போது ஒற்றை ஆன்டெனா உள்ள கருவியில் ஹெடிங் மெல்ல விலகும், முடுக்கம் இல்லாமல் ஐஎம்யூவுக்குத் திசையைச் சரிபார்க்க எதுவும் கிடைப்பதில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் எட்டு வடிவில் பறக்கச் சொல்வது இதற்காகத்தான். பறப்புப் பாதையைக் காலத்தில் முன்னோக்கி ஒரு முறையும் பின்னோக்கி ஒரு முறையும் கணக்கிட்டு, இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வரைபடமாகப் பாருங்கள். அது எங்கே பெருகுகிறதோ அங்கேதான் பட்டையும் விலகியிருக்கும்.

இப்படிப்பட்ட நகர்வைப் போர்சைட் கோணத்தில் திணித்துச் சரிசெய்வதுதான் மிகவும் பரவலான தவறு. தானியங்கிப் பட்டைப் பொருத்தும் மென்பொருளிடம் மூன்று கோணங்களையும் உயரத்தையும் ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாகத் திருத்தச் சொன்னால் அது திருத்தித் தரும், மறுக்காது. தட்டையான வயல்வெளியில் ஹெடிங்கையும் பிட்ச்சையும் தீர்மானிக்க எந்தச் சரிவும் இல்லை என்பது அதற்குக் கவலையில்லை. இரைச்சலைப் பொருத்தி ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். வந்த எண்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள். ஒரே பறப்பின் கோடுகளில் ரோல் திருத்தம் 0.06, 0.05, 0.06 என்று வந்தால் அது உண்மையான போர்சைட். ஹெடிங் திருத்தம் 0.3, −0.2, 0.5 என்று வந்தால் அதைப் பூட்டிவிட்டு, ரோலையும் உயரத்தையும் மட்டும் தீர்க்கச் சொல்லுங்கள்.

பொருந்தாத பட்டைகளை அப்படியே கலந்துவிட்டால் அடுத்த கட்டத்தில் இன்னொரு தவறு சேரும். தரைப் புள்ளிகளைப் பிரிக்கும் வழிமுறைகள் பெரும்பாலும் தாழ்ந்த புள்ளிகளையே தேடும். 6 செ.மீ. இடைவெளியில் இரண்டு அடுக்காகத் தரை இருந்தால் கீழ் அடுக்கைத் தரையென்று எடுத்து, மேலடுக்கைப் புல் என்று ஒதுக்கிவிடும் வாய்ப்பு உண்டு. வெட்டவெளித் தளத்தில் புல் வகைப்பாடு கீற்றுக் கீற்றாக வந்தால் முதலில் பட்டைப் பொருத்தத்தைச் சந்தேகியுங்கள்.

சோதனைப் புள்ளிகளில் என்ன தெரியும்

மூன்று கோணங்களும் சரி, ஓவர்லாப் படம் முழுக்க வெள்ளை. இதுவரை நாம் நிரூபித்தது பட்டைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதை மட்டும்தான். நிலத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதற்குத் தரையில் தனியாக அளந்த சோதனைப் புள்ளிகள் வேண்டும். ஏஎஸ்பிஆர்எஸ் அமைப்பின் 2023 பதிப்புத் தரவரையறை குறைந்தது 30 புள்ளிகள் கேட்கிறது.

எண்ணிக்கையைவிட அவை எங்கே இருக்கின்றன என்பது முக்கியம். பறப்புக் கோட்டுக்கு நேர்கீழே ஓடும் சாலையில் முப்பதையும் வைத்தால் ரோல் அலை ஒன்றில்கூடத் தெரியாது, அங்கே பிழை பூஜ்யம். பாதியையாவது தையல்களில், அடுத்தடுத்த தையல்களில், வைக்க வேண்டும். தட்டையான, கடினமான இடமாக இருக்கட்டும். 30 பாகைச் சரிவில் வைத்தால் 5 செ.மீ. கிடைமட்ட விலகலே 2.9 செ.மீ. உயரப் பிழையாக வேடம் போடும். ஒப்பிடும்போது அருகில் உள்ள ஒரே ஒரு புள்ளியை எடுக்காதீர்கள், அதில் தூர அளவீட்டின் இரைச்சல் முழுசாக இருக்கும். சுற்றியுள்ள தரைப் புள்ளிகளால் ஆன முக்கோணப் பரப்பிலிருந்தோ, அரை மீட்டர் ஆரத்துக்குள் உள்ள சராசரியிலிருந்தோ உயரத்தை எடுங்கள்.

வரும் முடிவை ஒற்றை ஆர்எம்எஸ்இ எண்ணாக மட்டும் படிக்கக் கூடாது. நம் எடுத்துக்காட்டை முடித்துவிடுவோம். ரோல், பிட்ச் திருத்திய பிறகு 30 புள்ளிகளில் சராசரிப் பிழை +6.2 செ.மீ., அதைச் சுற்றிய சிதறல் 1.9 செ.மீ., ஆர்எம்எஸ்இ 6.5 செ.மீ. என்று வந்தால், சிதறல் சொல்வது புள்ளித்திரள் நன்றாக இருக்கிறது என்பதை. சராசரி சொல்வது எல்லாம் சேர்ந்து 6.2 செ.மீ. மேலே மிதக்கிறது என்பதை. எல்லாப் பட்டைகளும் ஒன்றாக மிதப்பதால் எந்த ஓவர்லாப் சோதனையாலும் இதைப் பார்த்திருக்க முடியாது.

காரணம் அநேகமாகத் தரையில் வைத்த பேஸ் ஆன்டெனாவில் இருக்கும். அலை வாங்கும் மையம் வரை அளந்த உயரத்தை, ஆன்டெனாவின் அடிப்பாகம் வரை அளந்ததாகக் கொடுத்திருக்கலாம். சாய்வாக நாடா பிடித்த அளவைச் செங்குத்து உயரமாகப் பதிந்திருக்கலாம். ஆன்டெனா வகையைப் பட்டியலில் தவறாகத் தேர்ந்திருக்கலாம். லீவர் ஆர்மின் செங்குத்து அளவு தவறினாலும் இதே தோற்றம்தான், ஆனால் அது வேறு பேஸ் வைத்துச் செய்த அடுத்த பறப்பிலும் அதே 6.2 ஆகத் தொடரும்.

காரணம் தெரியாமலேயே மொத்தப் புள்ளித்திரளையும் 6.2 செ.மீ. கீழே இறக்கிவிடலாம், மென்பொருளில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. ஆனால் இறக்கப் பயன்படுத்திய புள்ளிகளையே வைத்துப் பிறகு துல்லியம் அறிவிக்கக் கூடாது, சராசரிப் பிழை பூஜ்யம் என்றுதான் வரும். பத்துப் புள்ளிகளை வைத்து இறக்குவதென்றால், அந்தப் பத்தைத் தவிர்த்து முப்பது புள்ளிகள் கையில் இருக்க வேண்டும். அறிக்கையில் இறக்கிய அளவு, அதற்குப் பயன்படுத்திய புள்ளிகள், மிச்சமுள்ளவற்றில் கிடைத்த சராசரி, சிதறல், ஆர்எம்எஸ்இ ஐந்தையும் தனித்தனியாக எழுதி, கத்தரிக்காத பட்டைகளின் ஓவர்லாப் படத்தையும் இணைத்துவிட்டால், வாங்குபவர் தையலைத் தாண்டியும் பார்க்க முடியும்.